பரிந்துரைப் போனஸ் இரண்டு தவணைகளில்: எப்போது வரும், வரி போக எவ்வளவு வரும்?

கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்கள் பலவற்றில், ஊழியர் ஒருவர் பரிந்துரைத்தவர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்த பின்னரே அந்தப் பரிந்துரைக்கான போனஸ் வழங்கப்படுகிறது. கீழுள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே திட்டத்தையே உதாரணமாகக் கொண்டிருக்கிறோம். மொத்தத் தொகை 100,000 ரூபாய். புதியவர் 3 மாதங்களை நிறைவுசெய்ததும் 50,000 ரூபாயும், 6 மாதங்களை நிறைவுசெய்ததும் மீதி 50,000 ரூபாயும், அவற்றை அடுத்து வரும் மாதச் சம்பளத்துடன் வழங்கப்படும். உங்கள் நிறுவனத்தின் தொகையும் மாதக் கணக்கும் வேறாக இருக்கலாம். கணக்கிடும் வழி மாறாது. வரி விகிதங்கள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.

ஒரு இலட்சம் என்றுதானே அறிவித்தார்கள்? முதல் தவணையாக என் கணக்கில் 45,800 ரூபாய்தான் வந்திருக்கிறது.

அறிவித்தலில் உள்ள தொகை வரிக்கு முந்தியது. உங்கள் தொழில்தருநர் உங்களுக்கு வழங்குவதால், இந்தப் போனஸும் சம்பளத்தைப் போலவே தொழில் வருமானமாகிறது. அதன்மீதான வருமான வரியை நிறுவனமே பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். சம்பளத் துண்டில் ஏபிஐடி என்று காணப்படும் கழிவு அதுதான். பரிந்துரை என்பது நண்பருக்குச் செய்த உதவி, அதற்குக் கிடைப்பது அன்பளிப்பு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். வேலையில் இருப்பதன் காரணமாகக் கிடைக்கும் பணத்தைச் சட்டம் அன்பளிப்பாகப் பார்ப்பதில்லை. பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டோ கைத்தொலைபேசியோ தந்தாலும் அதன் பெறுமதி வருமானத்தில் சேரவே செய்யும்.

முதல் தவணையில் 4,200 ரூபாய் பிடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், உங்கள் மாதச் சம்பளம் 230,000 ரூபாய்க்கு அண்மித்ததாக இருக்க வேண்டும். அது எப்படி என்பதை அடுத்த பதிலில் படிப்படியாகக் காட்டியிருக்கிறோம்.

இரண்டு தவணையும் ஐம்பதாயிரம்தான். ஆனால் இரண்டாவதில் 41,000 ரூபாய்தான் வந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

எங்களிடம் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பெரும்பாலும் இதில் பிழை எதுவும் இருப்பதில்லை. வரியானது தவணையின் அளவைப் பார்த்து அன்றி, அந்த ஆண்டில் நீங்கள் பெற்ற மொத்த வருமானம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அந்த ஆண்டுக்கான வருமானத்தில் முதல் 1,800,000 ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேலுள்ள முதல் 1,000,000 ரூபாய்க்கு 6 சதவீதம், அடுத்து வரும் மூன்று 500,000 ரூபாய்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம், எஞ்சியதற்கு 36 சதவீதம் என்று விகிதம் ஏறிச் செல்கிறது. 6 சதவீதத்திலிருந்து நேராக 18 சதவீதத்துக்குத் தாவும் அந்த முதல் படியில்தான் நடுத்தரச் சம்பளக்காரர் பலர் இடறுகிறார்கள்.

மாதம் 230,000 ரூபாய் பெறும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய ஆண்டுச் சம்பளம் 2,760,000 ரூபாய். விலக்கைக் கழித்தால் வரிக்கு உட்படுவது 960,000 ரூபாய். இது முழுவதும் 6 சதவீதப் படிக்குள் அடங்குவதால், ஆண்டுக்கு 57,600 ரூபாயும் மாதத்துக்கு 4,800 ரூபாயும் வரியாகும். 6 சதவீதப் படி நிரம்ப இன்னும் 40,000 ரூபாய் மட்டுமே இடமிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் தவணையான 50,000 ரூபாய் வரும்போது, அதில் 40,000 ரூபாய் அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்கு 2,400 ரூபாய் வரி. மீதி 10,000 ரூபாய் 18 சதவீதப் படிக்குள் போகிறது. அதற்கு 1,800 ரூபாய். ஆக 4,200 ரூபாய் கழிந்து 45,800 ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டாவது தவணை அதே மதிப்பாண்டில் வந்தால், மலிவான படியில் இடம் எதுவும் மீதமில்லை. 50,000 ரூபாயும் 18 சதவீதத்துக்கு உட்பட்டு, 9,000 ரூபாய் கழிந்து, 41,000 ரூபாய் வருகிறது. இரண்டையும் கூட்டினால் வரி 13,200 ரூபாய், கைக்கு வந்தது 86,800 ரூபாய்.

டிசம்பரில் ஒரு மாதச் சம்பளத்தை ஆண்டிறுதிப் போனஸாக வழங்கும் நிறுவனமாக இருந்தால், அந்த 40,000 ரூபாய் இடத்தை அதுவே நிரப்பிவிட்டிருக்கும். அதன் பின்னர் வரும் இரண்டு பரிந்துரைத் தவணைகளும் 18 சதவீதத்தில் 9,000 ரூபாய் வீதம் இழக்கும். அப்போது இரண்டும் சமமாக இருக்கும் என்பது ஒரு விதமான ஆறுதல்.

என்னுடன் வேலை செய்பவருக்கும் அதே சம்பளம், அதே போனஸ். அவருக்கு இரண்டு முறையும் 45,800 கிடைத்திருக்கிறது. இது எப்படி நியாயம்?

அவர் பரிந்துரைத்தவர் சேர்ந்த திகதியைக் கேட்டுப் பாருங்கள். ஊழியர் ஒருவரின் தொழில் வருமானம், அது எந்த மாதத்துக்கு உரியது என்பதைப் பொறுத்து அன்றி, அவர் கைக்குக் கிடைத்த நாளைப் பொறுத்தே ஒரு மதிப்பாண்டுக்குள் சேர்கிறது.

நீங்கள் பரிந்துரைத்தவர் 2025 செப்டெம்பர் 1 அன்று சேர்ந்தார் என்று கொள்வோம். மூன்று மாதம் நவம்பர் 30 இல் நிறைவாகி, முதல் தவணை டிசம்பர் சம்பளத்துடன் வருகிறது. ஆறு மாதம் 2026 பெப்ரவரி 28 இல் நிறைவாகி, இரண்டாவது தவணை மார்ச் சம்பளத்துடன் வருகிறது. இரண்டும் ஒரே மதிப்பாண்டு. உங்களுடன் வேலை செய்பவர் பரிந்துரைத்தவரோ ஒக்டோபர் 1 அன்று சேர்ந்திருக்கிறார். மூன்று மாதம் டிசம்பர் 31 இல் நிறைவாக, முதல் தவணை ஜனவரியில் வந்தது. ஆறு மாதம் மார்ச் 31 இல் நிறைவாக, இரண்டாவது தவணை ஏப்ரலில், அதாவது புதிய மதிப்பாண்டில் வந்தது. புதிய ஆண்டில் அந்த 40,000 ரூபாய் இடம் மறுபடியும் காலியாக இருப்பதால், சம்பளமும் விகிதமும் மாறாத வரையில், உங்களுடன் வேலை செய்பவருக்கு மீண்டும் 4,200 ரூபாய் மட்டுமே பிடிக்கப்படும். ஒரு மாதம் முன்பின்னாகச் சேர்ந்ததால் ஏற்பட்ட வித்தியாசம் 4,800 ரூபாய்.

இதை அறிந்த சிலர், மார்ச்சில் வரவேண்டிய தவணையை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கும்படி மனிதவளப் பிரிவைக் கேட்கிறார்கள். அறிவித்தலில் சொன்ன நாளை ஒருவருக்காக மாற்றினால் மற்றவர்களுக்கும் மாற்ற வேண்டிவரும் என்பதால் நிறுவனங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். மறுப்பது சரி என்றே எங்களுக்கும் படுகிறது. மேலும், ஏப்ரலில் உங்களுக்குச் சம்பள உயர்வு கிடைத்தால் புதிய ஆண்டில் அந்த இடமே இல்லாமற் போகலாம். மாதச் சம்பளம் 233,333 ரூபாயைத் தாண்டியதும் 6 சதவீதப் படி சம்பளத்தாலேயே நிரம்பிவிடுகிறது. அதற்குப் பின்னர் தவணை எந்த ஆண்டில் வந்தாலும் 18 சதவீதத்துக்குக் குறையாது.

என் சம்பளமும் 230,000 தான். ஆனால் முதல் தவணையிலேயே 8,900 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். அதற்கு முன் வேறு போனஸ் எதுவும் வாங்கவில்லை.

இங்கே பிழை நடந்திருக்கிறது. அது எங்கே நடந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கிறது. இறைவரித் திணைக்களம் ஏபிஐடி கழிப்பதற்குப் பல அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது. முதலாவது அட்டவணை மாதாமாதம் கிடைக்கும் வழக்கமான சம்பளத்துக்கானது. இரண்டாவது அட்டவணை, போனஸ் போல எப்போதாவது மொத்தமாக வரும் கொடுப்பனவுகளுக்கானது. இரண்டாவதன்படி, அந்த ஆண்டு முழுவதற்குமான உங்கள் சம்பளத்தை மதிப்பிட்டு, ஏற்கனவே வழங்கிய போனஸ்களையும் இப்போது வழங்குவதையும் அதனுடன் கூட்டி, அந்த மொத்தத்துக்குரிய வரியிலிருந்து இப்போதைய போனஸ் இல்லாதிருந்தால் வரக்கூடிய வரியைக் கழித்து, மிச்சத்தையே போனஸில் பிடிக்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் சம்பளமும் போனஸும் சேர்ந்த 280,000 ரூபாயும் முதலாவது அட்டவணையில் போடப்பட்டிருக்கிறது. அப்படிச் செய்யும்போது, மாதந்தோறும் 280,000 ரூபாய் உழைப்பவரைப் போல நீங்கள் கணிக்கப்படுகிறீர்கள். மாத விலக்கான 150,000 ரூபாய் போக 130,000 ரூபாய் மீதி. அதில் 83,333 ரூபாய் 6 சதவீதத்திலும், 41,667 ரூபாய் 18 சதவீதத்திலும், கடைசி 5,000 ரூபாய் 24 சதவீதத்திலும் விழ, மொத்த வரி 13,700 ரூபாயாகிறது. வழக்கமான 4,800 ரூபாயைக் கழித்தால் 8,900 ரூபாய். சரியான தொகையை விட 4,700 ரூபாய் கூடுதல்.

பெரும்பாலும் இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சம்பள மென்பொருளில் புதிய கொடுப்பனவு ஒன்றைச் சேர்க்கும்போது, அது வழக்கமான கொடுப்பனவா மொத்தக் கொடுப்பனவா என்று தெரிவுசெய்யும் இடத்தில், முன்னிருந்த தெரிவை அப்படியே விட்டுவிடுவதுதான் காரணம். ஆகவே கணக்கீட்டுப் பிரிவுக்கு எழுதும்போது "வரி கூடிவிட்டது" என்று மட்டும் எழுதாமல், "பரிந்துரைப் போனஸ் முதலாவது அட்டவணையில் கணிக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, இரண்டாவது அட்டவணையின்படி 4,200 ரூபாயே வரும்" என்று எண்ணோடு எழுதுங்கள். பதில் விரைவாக வரும். அதே மதிப்பாண்டுக்குள் சுட்டிக்காட்டினால், பின்வரும் மாதமொன்றில் சரிசெய்யும்படி கேட்கலாம். மார்ச் கடந்துவிட்டால், ஆண்டில் பிடித்த வரியைக் காட்டி நிறுவனம் தரும் டி-10 சான்றிதழை வைத்துக்கொண்டு, நவம்பர் 30 க்கு முன் தாக்கல்செய்யும் வருமான வரி அறிக்கையில் கூடுதலாகக் கழித்ததைக் காட்டி மீளக் கோர வேண்டிவரும். அது நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும்.

என் சம்பளம் 130,000 ரூபாய். இதுவரை எனக்கு வரியே பிடித்ததில்லை. போனஸ் வந்தால் பிடிப்பார்களா?

பிடிக்கக்கூடாது. ஆண்டுச் சம்பளம் 1,560,000 ரூபாய். இரண்டு தவணையும் சேர்ந்தாலும் 1,660,000 ரூபாய்தான். வேறு போனஸ் எதுவும் இல்லையென்றால் 1,800,000 ரூபாய் விலக்கை அது எட்டவில்லை. இருந்தும் 1,800 ரூபாய் கழிந்திருந்தால் மேலே சொன்ன அதே பிழைதான்: அந்த மாதத்து 180,000 ரூபாயில் 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட 30,000 ரூபாய்க்கு 6 சதவீதம் போட்டிருக்கிறார்கள்.

சம்பளம் 145,000 ரூபாயாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. அவருடைய ஆண்டுச் சம்பளம் 1,740,000 ரூபாய். முதல் தவணை விலக்குக்குள் அடங்கும். இரண்டாவது தவணையுடன் மொத்தம் 1,840,000 ரூபாயாவதால், மேலதிகமான 40,000 ரூபாய்க்கு 2,400 ரூபாய் வரி வரும்.

நான் சேர்த்துவிட்டவர் ஐந்தாம் மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். வாங்கிய முதல் தவணையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

அறிவித்தலில் அப்படி எழுதியிருந்தாலன்றி, இல்லை. தொகையை இரண்டாகப் பிரிப்பதன் நோக்கமே, வழங்கிய பணத்தைத் திரும்ப வாங்கும் சங்கடத்தைத் தவிர்ப்பதுதான். முதல் மூன்று மாதங்களுக்குரியது உங்களுடையதாகிவிட்டது. நிறைவேறாத நிபந்தனைக்குரிய இரண்டாவது தவணை மட்டும் இல்லாமற் போகிறது.

சில நிறுவனங்கள் முழுத் தொகையையும் மீளப் பெறும் நிபந்தனையைச் சேர்த்திருக்கின்றன. அப்படியானால் கையெழுத்திடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: திருப்பிக் கொடுக்க வேண்டியது 50,000 ரூபாயா, கைக்கு வந்த 45,800 ரூபாயா? நிறுவனம் 4,200 ரூபாயை உங்கள் பெயரில் ஏற்கனவே இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்தியிருக்கும். முழு 50,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டு, வரியைச் சரிசெய்யாமல் விட்டால், உங்கள் கைக்கு வராத பணத்துக்கு நீங்கள் வரி கட்டியவராகிறீர்கள். இதை எழுத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள் குறைவு.

புதியவருக்குத் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீடித்துவிட்டார்கள். என் இரண்டாவது தவணையும் தள்ளிப்போகுமா?

அறிவித்தலின் சொற்களை ஊன்றி வாசிக்க வேண்டிய இடம் இது. "ஆறு மாத சேவையை நிறைவுசெய்ததும்" என்று இருந்தால் நாட்காட்டிதான் கணக்கு. தகுதிகாண் காலம் நீண்டாலும் தவணை உரிய மாதத்தில் வர வேண்டும். "சேவையில் உறுதிப்படுத்தப்பட்டதும்" என்று இருந்தால் உறுதிப்படுத்தும் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கொழும்பு அலுவலகங்களில் தகுதிகாண் காலம் பொதுவாக ஆறு மாதம் என்பதால், இரண்டையும் ஒன்றென எண்ணி அறிவித்தலை எழுதிவிடுகிறார்கள். ஒருவருக்கு நீடிப்பு வரும் நாளில்தான் அவை இரண்டு என்பது தெரியவருகிறது. எங்கள் கருத்தில் நாட்காட்டிக் கணக்கே நேர்மையானது, ஏனெனில் புதியவரின் மேலாளர் மதிப்பீட்டைத் தாமதித்தால் அதற்குப் பரிந்துரைத்தவர் பொறுப்பாக முடியாது.

நீண்ட சம்பளமற்ற விடுமுறை எடுத்தால் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து கழிக்கும் நிறுவனங்கள் உண்டு. சாதாரண ஆண்டு விடுமுறையும் மருத்துவ விடுமுறையும் சேவைக்காலத்தைக் குறைப்பதில்லை.

ஆறு மாதம் மார்ச் 31 இல் முடிந்தது. ஏப்ரல் சம்பளத்தில் போனஸ் வரவில்லையே?

சித்திரைப் புத்தாண்டுக்காகப் பல நிறுவனங்கள் ஏப்ரல் சம்பளத்தை மாத நடுப்பகுதிக்கு முன்னரே வழங்கிவிடுகின்றன. அதற்கான பட்டியல் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மூடப்படும். மார்ச் 31 இல் முடிந்த சேவையை மனிதவளப் பிரிவு உறுதிசெய்து அனுப்புவதற்குள் பட்டியல் மூடப்பட்டிருந்தால், தவணை மே மாதத்துக்குப் போகும். இரண்டு மாதமும் ஒரே மதிப்பாண்டில் இருப்பதால் வரியில் மாற்றம் எதுவும் இல்லை.

இரண்டாவது தவணைக்கு முன் நானே வேலையை விடப்போகிறேன். கிடைக்குமா?

பெரும்பாலான அறிவித்தல்களில், கொடுப்பனவு நாளன்று பரிந்துரைத்தவரும் சேவையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். இராஜினாமாக் கடிதம் கொடுத்து முன்னறிவித்தல் காலத்தில் இருப்பவரைச் சேவையில் இருப்பவராகக் கொள்வதா என்பதில்தான் தகராறு வரும். அறிவித்தல் இதைப்பற்றி எதுவும் சொல்லாவிட்டால், கடைசி நாள்வரை நீங்கள் ஊழியர்தான் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு. கடிதம் கொடுக்கும் முன்பே கேட்பது நல்லது.

முகாமையாளர் "கையில் ஒரு இலட்சம் கிடைக்கும்" என்று சொல்லித்தான் ஆள் கேட்டார். அதற்கு மதிப்பில்லையா?

எழுத்தில் இருந்தால் மதிப்புண்டு. ஆனால் அதை நிறைவேற்ற நிறுவனம் வரியைத் தானே ஏற்க வேண்டும். ஊழியருக்காக நிறுவனம் செலுத்தும் வரியும் அந்த ஊழியரின் வருமானமாகவே கணிக்கப்படும். அந்த வரிக்கும் வரி உண்டு. 18 சதவீதப் படியில் நிற்பவர் கையில் 50,000 ரூபாய் முழுதாகச் சேர வேண்டுமென்றால், நிறுவனத்தின் செலவு ஏறத்தாழ 60,976 ரூபாய். நிதிப் பிரிவின் ஒப்புதல் இல்லாமல் எந்த முகாமையாளரும் இதைத் தர முடியாது. ஆகவே வாய்ப்பேச்சில் அவர் சொன்னது வரிக்கு முந்திய தொகையாகவே இருந்திருக்கும்.

இந்தத் தொகையிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கும் 8 சதவீதம் பிடிப்பார்களா?

வழக்கமாக இல்லை. எப்போதாவது வரும் இப்படியான போனஸை நிறுவனங்கள் சேமலாப நிதிக்குரிய உழைப்பூதியத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே 230,000 ரூபாய் சம்பளக்காரரின் முதல் தவணையில் 4,200 ரூபாய்க்கு மேலதிகமாக 4,000 ரூபாயும் குறைந்திருந்தால், அது 50,000 ரூபாயின் 8 சதவீதம் என்பதை உடனே அடையாளம் காணலாம்.

நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்யவில்லை. முன்பு செய்தேன். எனக்கும் பரிந்துரைப் போனஸ் தருகிறார்கள், அதே வரியா?

இல்லை. நீங்கள் ஊழியர் அல்லாததால் சம்பள அட்டவணைகள் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு மாதத்தில் ஒருவருக்கு வழங்கும் சேவைக் கட்டணம் 100,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் நிறுத்திவைக்கப்படும். 50,000 ரூபாய் வீதம் வரும் தவணைகள் அந்த எல்லைக்குக் கீழே இருக்கும். வரி பிடிக்கவில்லை என்பதற்காக அது வரியற்ற வருமானம் ஆகிவிடாது. உங்கள் ஆண்டு வருமானம் விலக்கைத் தாண்டினால் அறிக்கையில் நீங்களே காட்ட வேண்டும்.

ஒரே ஆளை நானும் இன்னொருவரும் பரிந்துரைத்தோம். போனஸ் யாருக்கு?

சுயவிபரக் கோவையை உரிய முறையில் முதலில் பதிவுசெய்தவருக்கு. வட்ஸப்பில் முகாமையாளருக்கு அனுப்பியது பதிவாகாது. விண்ணப்பதாரர் ஏற்கனவே தானாக விண்ணப்பித்திருந்தாலோ, ஆட்சேர்ப்பு முகவர் ஒருவர் வழியாக வந்திருந்தாலோ, இருவருக்கும் இல்லை. தவணைகள் தொடங்கும் முன், பதிவு எண்ணும் புதியவரின் நியமனத் திகதியும் உள்ள மின்னஞ்சல் ஒன்றை மனிதவளப் பிரிவிடமிருந்து கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்; மூன்றாம் மாதத்தையும் ஆறாம் மாதத்தையும் எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்துதான்.